நாற்றுப்பண்ணை முதலாளியிடம் வண்டி அட்வான்ஸ் கேட்கும் கடிதம்

கேள்வி: ராயக்கோட்டை பக்கம் ஒரு தனியார் நாற்றுப்பண்ணையில் மூன்று வருடமாகக் களப்பணியாளராக இருக்கிறேன். எங்கள் தக்காளி நாற்று வாங்கிய விவசாயிகளின் தோட்டத்துக்குப் போய்ப் பார்ப்பது என் வேலை. கெலமங்கலம், மாரண்டஅள்ளி, பாலக்கோடு என்று பஸ்ஸில்தான் அலைகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு தோட்டம் பார்ப்பதே பெரிது. நாற்று சாகிறது என்று போன் வந்தால் நான் போய்ச் சேர மூன்று நாள்கூட ஆகிவிடுகிறது. போன மூன்று மாதத்தில் நாலு தோட்டத்துக்கு 150 தட்டு மாற்று நாற்று சும்மா கொடுக்க வேண்டி வந்தது. ஒரு ஸ்கூட்டர் ஆன்ரோடு 96,000 ரூபாய், என்னிடம் 21,000 இருக்கிறது. முதலாளியிடம் வாய்விட்டுக் கேட்டேன். "எழுதிக் கொடும்மா, பார்க்கலாம்" என்றார். சம்பளம் கைக்கு 19,500, பஸ் செலவுக்குத் தனியாக 1,500, தீபாவளி போனஸ் 12,000. வீட்டுக்கு 12,000 கொடுக்கிறேன், குழுக் கடனுக்கு மாதம் 2,200 இன்னும் எட்டு மாதம் கட்ட வேண்டும். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். வீட்டுக் கஷ்டத்தை எழுதினால் கையேந்துகிற மாதிரி இருக்கிறது. எப்படி எழுதுவது, மாதம் எவ்வளவு கட்டுகிறேன் என்று சொல்வது?
— களப்பணியாளர், கிருஷ்ணகிரி மாவட்டம்

சகோதரிக்கு,

"எழுதிக் கொடும்மா" என்பதைத் தட்டிக்கழிக்கிற பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் 24 வருடம் இருந்தேன். முன்பணம் கேட்கும் கடிதங்கள் எல்லாம் என் மேசைக்கு வந்துதான் மேலே போகும். கொடுக்க மனமில்லாத முதலாளி "இப்போ கையில் இல்லையே" என்று அங்கேயே முடித்துவிடுவார். எழுதித் தரச் சொல்கிறவருக்கு அந்தக் காகிதம் தேவைப்படுகிறது. பங்குதாரர் இருந்தால் அவரிடம் காட்டவேண்டும், வருடக் கடைசியில் ஆடிட்டர் "இந்த 75,000 யாருக்கு, எதற்குப் போனது?" என்று கேட்டால் எடுத்து வைக்கவேண்டும். ஆக, நீங்கள் எழுதப்போவது அவருடைய ஃபைலில் உட்காரப்போகிற ஒரு கணக்குச் சீட்டு. அதை மனதில் வைத்துக்கொண்டால் கையேந்துகிற உணர்வு தானாகக் குறையும்.

வீட்டுக் கஷ்டத்தை எழுதாமல் விட்டது சரிதான். காரணம் கௌரவம் மட்டும் இல்லை. கஷ்டத்தைப் படிக்கிறவர் மனதில் அடுத்து எழும் கேள்வி "இவ்வளவு கஷ்டத்தில் இருப்பவர் எப்படித் திருப்பிக் கட்டுவார்?" என்பது. இரக்கப்பட வைக்கிற அதே வரி சந்தேகப்படவும் வைத்துவிடும். நான் பார்த்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் கவிழ்ந்தன.

அப்படியானால் தேவையை எதை வைத்துச் சொல்வது? உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த 150 தட்டுதான்.

நாற்று நட்ட முதல் வாரத்தில் செடி சாய்ந்தால் அதற்கு யார் பொறுப்பு என்பது செடி பச்சையாக இருக்கும்போதுதான் தெரியும். மண் மட்டத்தில் தண்டு தண்ணீர் கோத்தது போல் மெலிந்து பழுப்பாகி மடிந்திருந்தால் அழுகல் நோய், அது தட்டிலிருந்தே வந்திருக்கலாம். கத்தரித்த மாதிரி தண்டு அறுந்து பக்கத்திலேயே கிடந்தால் வெட்டுப்புழு, அது தோட்டத்து மண்ணில் இருப்பது. இலை ஓரம் கருகி வேர் பழுப்பாகியிருந்தால் உரம் வேருக்குப் பக்கத்தில் விழுந்திருக்கலாம். மூன்று நாள் வெயிலில் காய்ந்து சுருண்ட பிறகு எல்லாம் ஒரே சருகுதான். நீங்கள் அங்கே நின்று எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, விவசாயியும் விடமாட்டார். பண்ணையின் பெயரைக் காப்பாற்ற முதலாளி மாற்று நாற்று கொடுத்து அனுப்புகிறார். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் முதலாளிக்கு இது "நாற்று திரும்பக் கொடுத்தோம்" என்ற அளவில்தான் தெரிந்திருக்கும். உங்கள் பஸ் தாமதத்தையும் அந்தத் தட்டுகளையும் அவர் சேர்த்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சேர்த்துக் காட்டுவதுதான் கடிதத்தின் வேலை.

இதற்குப் புகார் நோட்டை எடுத்து உட்காருங்கள். கடைசி மூன்று மாதத்துக்கு நாலு கட்டம் போட்டால் போதும்: போன் வந்த தேதி, நீங்கள் போய்ச் சேர்ந்த தேதி, நேரில் என்ன காரணம் கண்டீர்கள், மாற்று நாற்று எத்தனை தட்டு. நோட்டில் தேதி விட்டுப்போயிருந்தால் உங்கள் போனில் அழைப்புப் பட்டியலும் வாட்ஸ்அப்பில் விவசாயி அனுப்பிய படமும் இருக்கும், அதிலிருந்து எடுக்கலாம். நீங்கள் சொன்ன நாலு தோட்டமும் தாமதமாகப் போனவைதானா என்று அப்போது தெரிந்துவிடும். நாலில் ஒன்று மறுநாளே போய்ப் பார்த்ததாக இருந்தால் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். முதலாளி தன் ஞாபகத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒன்று தப்பாக இருந்தால் மற்ற மூன்றும் போய்விடும்.

98 குழித் தட்டு என்றால் 150 தட்டில் 14,700 நாற்று. அதைப் பண்ணை விற்கும் விலையால் பெருக்கி ரூபாயாக எழுதவேண்டாம். தட்டுக் கணக்கோடு நிறுத்துங்கள், ரூபாய்க்கு அவரே மாற்றிக்கொள்வார். "வண்டி இருந்தால் இவ்வளவும் மிச்சமாகியிருக்கும்" என்றும் எழுதாதீர்கள். மறுநாளே போயிருந்தாலும் அதில் சில தோட்டங்களுக்கு நாற்று கொடுக்கத்தான் வேண்டியிருந்திருக்கும். அதேபோல, "வண்டி கொடுக்காததால் நஷ்டம்" என்று தொனிக்கிற எந்த வார்த்தையும் வரக்கூடாது. தேதியையும் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

சரி, இனி மாதம் எவ்வளவு என்ற கேள்விக்கு வருவோம். இங்கேதான் அவசரப்படுவீர்கள் என்று எனக்குப் பயம்.

19,500-இல் வீட்டுக்கு 12,000, குழுவுக்கு 2,200 போக 5,300 மிஞ்சுகிறது. உடனே "மாதம் 5,000 பிடித்துக்கொள்ளுங்கள், 15 மாதத்தில் முடித்துவிடுகிறேன்" என்று எழுதத் தோன்றும். படிக்க அழகாக இருக்கும். ஆனால் அதில் பெட்ரோல் இல்லை. இன்று உங்கள் பயணத்தில் பெரும்பகுதிக்கு நீங்கள் கையிலிருந்து கொடுப்பது குறைவு. பண்ணை 1,500 தருகிறது, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. வண்டி வந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காசு. ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 1,250 கிலோமீட்டர். நம் பக்கத்து ஏற்ற இறக்க ரோட்டில், தோட்டத்து மண் பாதையில், ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தாலே நல்லது. கிட்டத்தட்ட 28 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 2,800. பண்ணையின் 1,500 போக உங்கள் கையிலிருந்து 1,300. ஆயில் மாற்றுவது, சர்வீஸ், பஞ்சர் எல்லாம் சேர்த்து மாதத்துக்கு 300 ஒதுக்குங்கள். ஆக 5,300 என்பது 3,700 ஆகிவிட்டது. பஸ் படியில் மாதம் ஐநூறு அறுநூறு மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தால் அதையும் இனி எதிர்பார்க்கக்கூடாது.

3,700 இருக்கிறது என்பதற்காக 3,700-ஐயும் எழுதினால், பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்த மாதம் தவணை தவறும். எங்கள் தொழிற்சாலையில் ஒரு மெஷின் ஆபரேட்டர், சம்பளம் எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் கூட. பைக் அட்வான்ஸுக்கு மாதம் 3,000 பிடிக்கலாம் என்று தானே எழுதிக் கொடுத்தார். நான் அதைக் குறைக்கச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நாலாவது மாதம் ஜூன். பள்ளிக்கூடக் கட்டணத்துக்காக ஒரு மாதம் நிறுத்தச் சொல்லி வந்து நின்றார். அடுத்த மாதமும் பாதிதான் முடிந்தது. கடைசி ரூபாய் வரை அவர் கட்டிவிட்டார் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. "அட்வான்ஸ் கொடுத்தால் இப்படித்தான்" என்று மேலதிகாரி அந்தப் பிரிவில் ஒரு வருடம் யாருக்கும் கையெழுத்துப் போடவில்லை. மாதம் 2,000 என்று எழுதியிருந்தால் அவர் ஒரு தடவைகூடத் தவறியிருக்கமாட்டார். எனக்கு இன்னும் அது உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கணக்கை இவ்வளவு நீட்டுகிறேன்.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டு கட்டத் தவணை. குழுக் கடன் இருக்கும் எட்டு மாதமும் 2,500 வீதம், 20,000. குழுக் கடன் முடிந்ததும் அந்த 2,200 விடுபடுகிறது. ஒன்பதாவது மாதத்திலிருந்து 4,000 வீதம் 12 மாதம், 48,000. இரண்டும் சேர்ந்து 68,000. பாக்கி 7,000-ஐ இடையில் வரும் தீபாவளி போனஸிலிருந்து ஒரே தடவையாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். போனஸில் 5,000 உங்கள் கையில் நிற்கும், பண்டிகையும் நடக்கும். ஆக 20 மாதத்தில் 75,000 முடிகிறது. முதல் கட்டத்தில் தவணை போக உங்களிடம் மாதம் 1,200 நிற்கிறது, இரண்டாம் கட்டத்தில் 1,900. காய்ச்சலுக்கும் கல்யாண மொய்க்கும் அது வேண்டும்.

தவணை ஒன்பதாவது மாதம் ஏன் கூடுகிறது என்ற காரணத்தையும் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். வேறு கடன் இருப்பதை மறைத்தால்தான் நம்பிக்கை கெடும். எப்போது முடியும் என்று தேதியோடு சொல்கிற கடன், நீங்கள் ஒழுங்காகக் கட்டுகிறவர் என்பதற்குச் சாட்சியாகவே நிற்கும். சட்டப்படி ஒரு மாதச் சம்பளத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதியைத் தாண்டக்கூடாது. உங்கள் 4,000 அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது, அதனால் அவருக்கும் சிக்கல் இல்லை.

வேலையை விட்டால் என்ன ஆகும் என்பதை அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். ஆனால் கடிதம் முழுவதும் அதைத்தான் தேடிப் படிப்பார். நீங்களே எழுதிவிடுங்கள். நானாக வேலையை விட்டால் எனக்கு வரவேண்டிய சம்பளத்தில் சட்டப்படி பிடிக்கக்கூடியதைப் பிடித்துக்கொண்டு, மீதியை விலகும் முன் கட்டிவிடுகிறேன் என்று. அந்த "நானாக" முக்கியம். பண்ணை உங்களை நிறுத்தினால் மொத்தத்தையும் ஒரே நாளில் கட்டும் நிலைக்கு நீங்கள் போகக்கூடாது. அப்போது அதே தவணை தொடரும் என்று இருக்கட்டும்.

ஆனால் "கடன் முடியும்வரை வேலையை விடமாட்டேன்" என்று மட்டும் எழுதாதீர்கள், அவர் கேட்டாலும் எழுதாதீர்கள். நன்றியுணர்ச்சியில் பலர் எழுதிவிடுகிறார்கள். முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிவைப்பதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் தடுக்கிறது. நல்ல மனிதரான உங்கள் முதலாளியை அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோக வேண்டாம். பாக்கித் தொகைக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு.

பணத்தை உங்கள் கையில் தரச் சொல்லாதீர்கள். ஷோரூம் பெயருக்கே காசோலையாகவோ வங்கி வழியாகவோ அனுப்பச் சொல்லுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாக ரொக்கத்தில் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்பது ஒன்று. பணம் வேறு செலவுக்குப் போகாது என்று அவருக்கு நிம்மதி என்பது இன்னொன்று. வட்டியைப் பற்றி நீங்களாக எதுவும் எழுதவேண்டாம். அவர் கேட்டால், குறையும் பாக்கிக்கு வட்டி என்று பேசுங்கள். 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முழுத் தொகைக்கும் 20 மாத வட்டி 10,000. நான் சொன்ன தவணைப்படி குறையும் பாக்கிக்குப் போட்டால் சுமார் 6,200-க்கு மேல் போகாது.

இதையெல்லாம் சேர்த்துக் கடிதம் இப்படி வரும். கோடு போட்ட இடத்தில் உங்கள் நோட்டிலிருக்கும் எண்ணைப் போடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம்.

அனுப்புநர்: (பெயர்), களப்பணியாளர்
பெறுநர்: உரிமையாளர் அவர்கள், (பண்ணையின் பெயர்)
தேதி:

பொருள்: களப்பணிக்கு இருசக்கர வாகனம் வாங்க 75,000 ரூபாய் முன்பணம் வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

நம் பண்ணையில் மூன்று ஆண்டுகளாகக் களப்பணியாளராகப் பணிபுரிகிறேன். சென்ற வாரம் தங்களிடம் நேரில் பேசியதன்படி இதை எழுதுகிறேன்.

கெலமங்கலம், மாரண்டஅள்ளி, பாலக்கோடு பகுதித் தோட்டங்களுக்கு இப்போது பேருந்தில் சென்று வருகிறேன். ஒரு நாளில் இரண்டு தோட்டங்களைப் பார்க்க முடிகிறது. கடந்த மூன்று மாதங்களில் நாற்று சாவது பற்றி ____ புகார்கள் வந்தன. அவற்றில் ____ தோட்டங்களுக்கு மறுநாளே சென்றுவிட்டேன். ____ தோட்டங்களுக்குச் சென்று சேர மூன்று நாள் ஆனது. அதற்குள் செடிகள் காய்ந்துவிட்டதால் காரணத்தை உறுதிசெய்ய முடியாமல் மொத்தம் ____ தட்டு மாற்று நாற்று தரப்பட்டது. தேதி வாரியான விவரம் இணைத்துள்ளேன். சொந்த வண்டி இருந்தால் புகார் வந்த மறுநாளுக்குள் நேரில் பார்த்து, செடியின் படத்துடன் தங்களுக்குத் தெரிவிக்க முடியும்.

வண்டியின் ஆன்ரோடு விலை 96,000 ரூபாய். என் சேமிப்பு 21,000 ரூபாய் போக, 75,000 ரூபாயை முன்பணமாகத் தந்து உதவ வேண்டுகிறேன். தொகையை ஷோரூம் பெயருக்கே நேரடியாகச் செலுத்தலாம்.

திருப்பிச் செலுத்தும் முறை: வண்டி வாங்கிய அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து முதல் 8 மாதங்களுக்கு 2,500 ரூபாய் வீதம் 20,000 ரூபாய். அதற்குள் நான் கட்டிவரும் மகளிர் குழுக் கடன் முடிந்துவிடும் என்பதால், அடுத்த 12 மாதங்களுக்கு 4,000 ரூபாய் வீதம் 48,000 ரூபாய். இடையில் வரும் தீபாவளி போனஸிலிருந்து 7,000 ரூபாய். மொத்தம் 75,000 ரூபாய் 20 மாதங்களில் முடியும். இந்தப் பிடித்தத்துக்கு இக்கடிதத்தின் மூலம் சம்மதிக்கிறேன்.

நானாக வேலையிலிருந்து விலகினால், எனக்கு வரவேண்டிய சம்பளத்தில் சட்டப்படி பிடிக்கக்கூடியதைப் பிடித்துக்கொள்ளலாம். மீதியை விலகும் முன் செலுத்திவிடுகிறேன். வேறு காரணத்தால் பணி முடிந்தால் பாக்கியை இதே தவணையில் தொடர்ந்து செலுத்துவேன்.

ஷோரூம் கொட்டேஷன், ஓட்டுநர் உரிம நகல், புகார் விவரப் பட்டியல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். வண்டி வாங்கியதும் பில், ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களைத் தருகிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

கடிதத்தில் ஓட்டுநர் உரிமம் என்று எழுதியிருக்கிறேன். உங்களிடம் இருக்கிறதா என்று கேள்வியில் சொல்லவில்லை. இல்லையென்றால் கடிதத்துக்கு முன் அந்த வேலை. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் உரிமத் தேர்வுக்குப் போகமுடியும். உரிமம் இல்லாமல் வண்டி அட்வான்ஸ் கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே "முதலில் அதை எடும்மா" என்பார், சூடு ஆறிவிடும்.

"மறுநாளுக்குள் நேரில் பார்த்து" என்ற வரியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். கடிதத்தில் வேலையைப் பற்றி நீங்கள் கொடுக்கும் வாக்கு அது ஒன்றுதான். ஆறு மாதம் கழித்து அதை வைத்துத்தான் உங்களை அளப்பார். ஒரே நாளில் மூன்று ஊரிலிருந்து புகார் வருகிற மழைக்காலத்தில் அது முடியாது என்று தோன்றினால் "இரண்டு நாளுக்குள்" என்று இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் விஷயம் கடிதத்தில் வரவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். ஒரே காகிதத்தில் இரண்டு கேட்டால் சின்னதைக் கொடுத்துவிட்டுப் பெரியதைத் தள்ளிப்போடுவார்கள். ஆனால் பஸ் படியான 1,500 வண்டி வந்த பிறகும் தொடரும் என்பதை, கடிதம் கொடுக்கும்போது வாயால் உறுதி செய்துகொள்ளுங்கள். "பஸ்ஸுக்குத் தர்றதை அப்படியே பெட்ரோலுக்கு வச்சுக்கலாமாங்க, ஐயா?" என்று கேட்டால் போதும். அது நின்றுபோகும் என்றால் மேலே போட்ட கணக்கு நிற்காது. முதல் எட்டு மாதத் தவணையை 1,500-ஆகக் குறைத்து, எட்டு மாதத்தில் 12,000, அதன் பிறகு 14 மாதம் 4,000 வீதம் 56,000, போனஸில் 7,000 என்று 22 மாதமாக எழுதுங்கள். அந்த எட்டு மாதமும் கையில் 700தான் நிற்கும், அதன் பிறகு 400தான், இறுக்கமாகத்தான் இருக்கும்.

கடிதத்தைச் சம்பள நாளன்று கொடுக்காதீர்கள். அன்று அவர் கையிலிருந்து பணம் போய்க்கொண்டிருக்கும். காலையில் நாற்று ஏற்றி வண்டிகள் போன பிறகு, அவர் டீ குடிக்க உட்காரும் நேரம் உங்களுக்கே தெரியும். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு அவருடைய கையெழுத்தை வாங்கி வையுங்கள். அனுமதி கிடைத்ததும் மாதா மாதம் சம்பளச் சீட்டில் பிடித்த தொகையும் பாக்கியும் வருகிறதா பாருங்கள். சீட்டு கொடுக்கும் வழக்கம் பண்ணையில் இல்லையென்றால் ஒரு சின்ன நோட்டில் தேதி, பிடித்தம், பாக்கி என்று நீங்களே எழுதி ஒவ்வொரு மாதமும் கணக்குப்பிள்ளையின் சுருக்கொப்பம் வாங்குங்கள். இருபது மாதத்தில் "பதினெட்டு வந்தது", "இல்லை பத்தொன்பது" என்று வருகிற சண்டையை நான் நிறையத் தீர்த்துவைத்திருக்கிறேன். நோட்டு வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சண்டையே வந்ததில்லை.

அடமானமாக ஏதாவது கேட்டால் ஆர்.சி. நகல் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கவேண்டும், ரோட்டில் நிறுத்திக் கேட்பார்கள். வண்டியை வேறு பெயருக்கு மாற்றுகிற 29, 30 படிவங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவே கூடாது. தொகை எழுதாத காசோலையும் அப்படித்தான். ஜாமீன் கேட்டால் பண்ணையிலேயே பழைய ஊழியர் ஒருவர் கையெழுத்துப் போடலாம், அதில் தவறில்லை.

முழுத் தொகைக்குப் பதில் "ஐம்பதாயிரம் தர்றேன்" என்று அவர் சொன்னால், அங்கேயே முகம் சுருங்காமல் சரி என்று வாங்கிக்கொள்ளுங்கள். மீதி 25,000-க்கு இன்னொரு குழுக் கடன் எடுக்க ஓடாதீர்கள், எட்டு மாதத்தில் விடுபடவேண்டிய 2,200 விடுபடாமலே போய்விடும். உங்கள் 21,000-உடன் சேர்ந்து 71,000 ஆகிறது. அதற்குள் நாலைந்து வருடம் ஓடிய ஒரே கை ஸ்கூட்டர் பாருங்கள். விற்கிறவர் பெயரும் ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் ஒன்றா, அதில் எந்த ஃபைனான்ஸ் கம்பெனிப் பெயராவது இன்னும் ஏறியிருக்கிறதா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். அப்போது தவணையைத் திருத்தி, முதல் எட்டு மாதம் 2,500, அடுத்த ஆறு மாதம் 4,000, போனஸில் 6,000 என்று 14 மாதத்தில் முடித்துவிடலாம்.